ரோட்டோர டீக்கடையின் ஒரு நாளைக் கவிதையாக்குவது: காசிமேட்டுக் கடை ஒன்றை வைத்து முழுமையான வழிகாட்டி

விடியலில் தொடங்கி இரவில் முடியும் கவிதையில் ஒரே ஒரு சிக்கல்தான் பெரிது. பொழுது நகர்வதைக் கடிகாரம் பார்க்காமல் காட்டியாக வேண்டும். "காலை ஆறு மணி", "மதியம் ஆனது", "மாலை மயங்கியது" என்று ஒவ்வொரு பத்தியையும் தொடங்கினால் கையில் இருப்பது நேர அட்டவணைதான். டீக்கடையில் பொழுதைச் சொல்லும் பொருள்கள் ஏராளம். ஆவி போகும் திசை, பெஞ்சின் நிழல், அடுப்புத் தீயின் சாய்வு, கேட்கிற குரல்கள் என எல்லாமே மணி சொல்லும். அவற்றைப் பொறுக்கி, கோத்து, தேவையில்லாததை வெட்டும் வழியை வடசென்னைக் கடை ஒன்றை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். முடிவில் முழுக் கவிதையும் கையில் இருக்கும்.

கடை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தேதி என்ன

எழுத உட்காரும் முன் இந்த இரண்டையும் முடிவு செய்துவிட வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகும் சாலை கடலை ஒட்டி ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. நம் கடையை அதன் மேற்குப் பக்கத்தில் வைப்போம். அப்படியானால் கடை கிழக்கே, கடலைப் பார்த்து இருக்கும். இந்த ஒரு முடிவிலிருந்தே பல வரிகள் தாமாக வந்துவிடும். காலை வெயில் டீ மாஸ்டரின் கண்ணில் அடிக்கும். உச்சிக்குப் பிறகு கடையின் நிழல் முன்னால் விழுந்து ரோட்டில் நீளும். கடல்காற்று வந்தால் நேரே அடுப்பில் மோதும். கடையை எதிர்ப்பக்கம் மாற்றிவிட்டால் இந்த மூன்றும் தலைகீழ். கவிதையின் நடுவில் வெயில் தவறான பக்கத்திலிருந்து விழுந்தால், அந்த ஊர்க்காரர் அங்கேயே படிப்பதை நிறுத்திவிடுவார்.

தேதியும் அப்படியே. காசிமேடு என்றதும் விடியற்காலை மீன் ஏலமும், ஐஸ் உடைக்கிற சத்தமும், கூடை சுமக்கும் பெண்களும் கைக்குத் தானாக வரும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் கடலுக்குப் போகாது. பைபர் படகும் கட்டுமரமும் மட்டும் போய்வரும். அக்னி நட்சத்திர வெயிலை எழுதிவிட்டு அதே கவிதையில் லாஞ்சு வந்து மீன் கொட்டுவதாக எழுதினால் இரண்டும் ஒட்டாது. பழைய நாள் ஒன்றை எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2017-இல்தான் தடைக்காலம் 61 நாளானது. அதற்கு முன் 45 நாள்தான்.

நான் ஏப்ரல் 24-ஐ ஒட்டிய ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். இதற்கு இரண்டு காரணம். ஒன்று, அந்த நாள்களில் சென்னையில் உச்சிவெயில் நேர் தலைக்கு மேல் வந்து நிற்கும். செங்குத்தாக நிற்கும் எதற்கும் சில நிமிடம் பக்கவாட்டில் நிழல் விழாது. நாளின் நடுவைச் சொல்ல இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. இன்னொன்று, தடை தொடங்கிப் பத்து நாள்தான் ஆகியிருக்கும். போட்டு வேலைக்காரர்களின் கையிருப்பு கரையத் தொடங்கும் நேரம். டீக்கடையின் பற்று நோட்டில் அது தெரியும். கவிதையின் உணர்ச்சி அந்த நோட்டில்தான் இருக்கிறது.

நாளை ஆறாகப் பிரித்தல்

காலை, மதியம், மாலை, இரவு என்ற நான்கு பிரிவு டீக்கடைக்குப் போதாது. நம் இலக்கணத்தின் சிறுபொழுது ஆறும் கச்சிதமாகப் பொருந்தும். ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது நான்கு மணி நேரம். வைகறை 2 முதல் 6 வரை, காலை 6 முதல் 10, நண்பகல் 10 முதல் 2, எற்பாடு 2 முதல் 6, மாலை 6 முதல் 10, யாமம் 10 முதல் 2. நாலு மணி வாக்கில் திறந்து பத்தரைக்குச் சாத்தும் கடை வைகறையின் பிற்பாதியில் தொடங்கி யாமத்தின் தொடக்கத்தில் முடியும். இந்தப் பெயர்கள் கவிதைக்குள் வர வேண்டியதில்லை. எழுதுகிறவரின் தாளில் ஓரமாக இருந்தால் போதும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆறு பொழுதுக்கும் சம அளவு வரி கொடுக்காதீர்கள். எங்கே பொருள் கனமோ அங்கே தங்கி, மெலிந்த இடத்தை இரண்டு மூன்று வரியில் கடந்துவிட வேண்டும். நம் கடையில் வைகறையும் நண்பகலும் யாமமும் கனம். மாலையில் கூட்டம் அதிகம், ஆனால் கவிதைக்கு அதில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை.

கடையில் உட்கார்ந்து குறித்துக்கொள்ள வேண்டியவை

எல்லாவற்றையும் குறிக்கப் போனால் எதுவும் மிஞ்சாது. ஒவ்வொரு பொழுதிலும் ஒரே மூன்றைப் பாருங்கள்: ஆவி எந்தப் பக்கம் போகிறது, நிழல் எங்கே கிடக்கிறது, அந்த நேரத்தில் உரக்கக் கேட்பது எது.

ஆவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடலோரக் கடைக்கு மட்டுமே உள்ள சொத்து அது. இரவில் நிலம் கடலைவிட வேகமாகக் குளிர்வதால் விடியலுக்கு முன் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லப் போகும். பகலில் நிலம் சூடேறியதும் அது திரும்பும். சித்திரையில் முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ கடல்காற்று வந்துவிடும். அது தாமதமானால் அன்றைக்கு வெக்கை கூடும். நம் கடை கடலைப் பார்த்திருப்பதால், விடியலில் பால் சட்டியின் ஆவி வாடிக்கையாளர் பக்கம் போகும், பிற்பகலில் மாஸ்டர் முகத்துக்கே வரும். ஒரு நாள் திரும்பியதைச் சொல்ல இந்த ஒன்றே போதும். கட்டடங்களுக்கு நடுவே, சந்துக்குள் இருக்கும் கடையில் காற்று இப்படிச் சொன்னபடி நடக்காது. வண்ணாரப்பேட்டை உள்தெருக் கடையை எழுதுகிறவர்கள் நிழலையும் சத்தத்தையும் நம்புவதே நல்லது.

சத்தத்தில் புதிதாக வந்திருப்பது, பணம் வந்ததை அறிவிக்கும் ஸ்பீக்கர் பெட்டி. க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்ததும் "பதினைந்து ரூபாய்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்கிறது. அதன் பக்கத்திலேயே பற்று நோட்டும் பென்சிலும் இருக்கின்றன, ஓசையே இல்லாமல். கவிதை முழுக்க ஓடப்போகும் இழை இதுதான். காசு கொடுத்தால் பெட்டி பேசும், கடன் சொன்னால் பென்சில் எழுதும். இந்த இழையில் ஒரு மனிதரைக் கோக்க வேண்டும். அவர் விசைப்படகு ஓட்டுகிறவர், இப்போது கரையில் வலை பழுது பார்க்கிறார். அவர் கவிதைக்குள் இரண்டு முறை நேரில் வருவார், மூன்றாம் முறை நோட்டின் ஒரு பக்கமாக வருவார்.

வைகறையை எழுதுதல்

முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

கிழக்கு வெளுத்தது
பறவைகள் பாடின
தேநீரின் மணம்
தெருவெங்கும் பரவியது

இதை ஊட்டியிலும் வைக்கலாம், உடன்குடியிலும் வைக்கலாம். காசிமேடு என்பதற்கு அடையாளமே இல்லை. தடைக்காலத்தில் காசிமேட்டு விடியலுக்கே உரியது, இருக்க வேண்டிய சத்தம் இல்லாமல் இருப்பது. தொழில் நின்றாலும் உடம்பு பழைய நேரத்துக்கே விழித்துக்கொள்ளும். ஆள்கள் துறைமுகம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார்கள்.

முதல் பால் பொங்குகிறது.
ஆவி கடலைப் பார்த்துப் போகிறது.
துறைமுகம் வரை போனவர்கள்
திரும்பி வந்து நிற்கிறார்கள்.
இறக்க மீன் இல்லை.
ஐஸ் உடைக்கும் சத்தம் இல்லை.
பழகின நேரத்துக்கு விழித்துக்கொண்ட கண்கள்
கிளாஸுக்குள் பார்க்கின்றன.
"எழுதிக்க மாஸ்டர்."
காதிலிருந்து பென்சில் இறங்குகிறது.

"தடைக்காலம்" என்ற சொல்லை இங்கே போடவில்லை. அதைத் தலைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பேச்சு ஒரே ஒரு வரி. வடசென்னைப் பேச்சைக் கவிதைக்குள் கொண்டுவரும்போது எல்லோர் வாயிலும் "இன்னாபா", "நைனா" என்று திணிக்கும் ஆசை வரும். அந்தத் தெருவில் வாழ்கிறவர்களுக்கு அது கேலியாகத்தான் படும். அந்த நேரத்தில் அந்த ஆள் சொல்லியே ஆக வேண்டிய சொல்லை மட்டும், சொன்னபடி எழுதினால் போதும். இங்கே அது கடன் கேட்கும் மூன்று நொடிச் சொல்.

காலையில் வரியைச் சுருக்குதல்

அகவலின் நாற்சீர் நடையில் எழுதலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்த நடை பிடிக்கும். ஆனால் அது முதல் அடி முதல் கடைசி அடி வரை ஒரே சீராக ஓடும். டீக்கடையில் எட்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் மூச்சு ஒன்றாக இருப்பதில்லை. அதனால் இந்தக் கவிதைக்குப் புதுக்கவிதையே பொருந்தும் என்பது என் முடிவு. கூட்ட நேரத்தில் வரிகள் துண்டு துண்டாக, வினைச்சொல்லே இல்லாமல் வரட்டும். கூட்டம் ஓய்ந்தபின் நீளட்டும்.

ரெண்டு டீ.
ஒரு டீ, சக்கரை கம்மி.
நாலு பொறை.
வெயில் நேராக மாஸ்டர் கண்ணில்.
பதினைந்து ரூபாய், என்கிறது பெட்டி.
முப்பது ரூபாய், என்கிறது பெட்டி.

இந்தப் பகுதியின் கடைசியில் "பென்சில் மட்டும் பேசவில்லை" என்று ஒரு வரி எழுதத் தோன்றும். எழுதினால் அடித்துவிடுங்கள். வைகறையில் பென்சிலைப் பார்த்த வாசகர் இங்கே அது இல்லாததைத் தானே கவனிப்பார். நாம் சுட்டிக்காட்டினால் அவர் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

இன்னொரு தொல்லை தமிழுக்கே உரியது. நிகழ்காலத்தில் எழுதினால் வரிக்கு வரி "கிறது, கிறார், கின்றன" என்று முடிந்து, படிக்கையில் காதில் அடித்துக்கொண்டே இருக்கும். இறந்தகாலத்துக்குப் போனால் நாள் முடிந்துபோன செய்தியாகிவிடும். இதற்கு வழி, முடிந்த இடத்திலெல்லாம் பெயரில் வரியை முடிப்பதும் இரண்டு செயலை எச்சமாக்கி ஒரே முற்றில் கட்டுவதும்தான். "வெயில் மாஸ்டர் கண்ணில் அடிக்கிறது" என்று எழுதியிருக்கலாம். "கண்ணில்" என்று நிறுத்தியதால் அடுத்த வரியின் "என்கிறது" தனியாக ஒலிக்கிறது. முற்று வந்துதான் தீரும் என்ற இடங்களுக்காக அதைச் சேமித்து வையுங்கள்.

நண்பகல், கவிதையின் நடு

இங்கே ஒன்றும் நடக்காது. அதனாலேயே அதிக இடம் கொடுக்க வேண்டும். நிழலில்லா நாளை எழுதும்போது "சூரியன் உச்சியில் சுட்டெரித்தது" என்று வானத்தைப் பார்க்காமல், தரையைப் பாருங்கள். கம்பத்துக்கு நிழல் இல்லை. பெஞ்சு, லாரி போன்ற தாழ்ந்து விரிந்த பொருள்களுக்கு நிழல் அடியில் மட்டும் இருக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் அந்தச் சாலையில் வரிசையாக நிற்பது வழக்கம். அந்த நேரத்தில் ரோட்டில் ஆள் படுக்கிற அளவு நிழல் அவற்றின் அடியில்தான்.

கரண்ட் கம்பத்தின் நிழல் கம்பத்துக்குள்ளேயே போய்விட்டது.
பெஞ்சின் நிழல் பெஞ்சுக்கு அடியில், கிளாஸின் நிழல் கிளாஸுக்கு அடியில்.
நகராத ட்ரெய்லர் வரிசையில் சக்கரங்களுக்கு நடுவே துண்டு விரித்து டிரைவர்கள்.
பால் ஏடு கட்ட, மாஸ்டர் கரண்டியால் விலக்க, மறுபடியும் ஏடு.
நெடுநேரமாகப் பேசாத பெட்டி.

நான்காவது வரியைப் பாருங்கள். கடையில் ஆளில்லை என்று எங்கும் சொல்லவில்லை. ஆள் வந்துகொண்டிருந்தால் மாஸ்டர் பாலை மொண்டு ஊற்றிக்கொண்டே இருப்பார், அது கலங்கிக்கொண்டே இருக்கும், ஏடு கட்ட நேரமிருக்காது. ஏடு கட்டுகிறது என்றாலே கை சும்மா இருக்கிறது என்று பொருள். டீக்கடையைக் கூர்ந்து பார்த்தவருக்கு மட்டும் கிடைக்கும் இத்தகைய வரி கவிதைக்கு ஒன்றிரண்டாவது வேண்டும்.

காற்று திரும்பும் இடம்

நண்பகலிலிருந்து எற்பாட்டுக்குப் போகும் திருப்பத்தை அடுப்பிடம் விட்டுவிடலாம்.

தீ மேற்கே சாய்கிறது.
ஆவி இப்போது மாஸ்டர் முகத்தில்.
தகரத்தைக் கடல் பக்கம் மாற்றிச் சாத்துகிறார்.
கடையின் நிழல் ரோட்டில் பாதி போனதும்
நூல் அறுத்த விரல்களோடு அவர் வருகிறார்.
ஒன்றும் கேட்கவில்லை.
பென்சில் இறங்குகிறது.

வைகறையில் "எழுதிக்க மாஸ்டர்" என்று வாய்விட்டுச் சொன்னவர் இப்போது சொல்லவில்லை. இது வெட்கமாக இருக்கலாம், பழக்கமாகவும் இருக்கலாம். எது என்று கவிதை முடிவு செய்யக் கூடாது. "கூனிக் குறுகி" என்றோ "தலை குனிந்து" என்றோ ஒரு அடை சேர்த்தால் போதும், அவர் பரிதாபப் பொருளாகிவிடுவார். "நூல் அறுத்த விரல்கள்" என்பதில் அவர் பகலெல்லாம் வேலையில்தான் இருந்தார் என்பது அடங்கியிருக்கிறது. கூலி வராத வேலை, ஆனாலும் வேலை.

ஒரு சொல்லே திரும்ப வந்து வேறாக ஒலிப்பதும் இங்கே நடக்கிறது. "பென்சில் இறங்குகிறது" என்பதை அப்படியே வைத்திருக்கிறேன், "காதிலிருந்து" என்பதை மட்டும் எடுத்துவிட்டு. இரண்டாம் முறை குறைத்துச் சொல்வதே திரும்ப வரும் வரிக்கு நல்லது.

மாலையை விரைவாகக் கடப்பது

பஜ்ஜி எண்ணெயில் விழும் ஓசை.
பாங்கு முடிந்து வரும் தொப்பிகள்,
ஷிப்ட் முடிந்து வரும் ஹெல்மெட்டுகள்.
பெட்டி மறுபடியும் பேசத் தொடங்குகிறது.

அந்தத் தேதியில் சூரியன் மறைவது 6.20-ஐ ஒட்டி. மஃரிப் பாங்கு அப்போதே ஒலிக்கும் என்பதால் தொழுகை முடித்து வருகிறவர்கள் மாலைப் பொழுதுக்குள் சரியாக வந்துவிடுகிறார்கள். பள்ளிவாசல், கோயில், தேவாலயம் என்று மூன்றையும் வரிசையாக அடுக்கி ஒற்றுமையை நிரூபிக்க இங்கே வேண்டியதில்லை. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் மூன்றும் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் நம் பெஞ்சில் அந்த நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர் யாரோ அவரே கவிதைக்குள் வரட்டும்.

யாமமும் முடிவும்

டீக்கடைக் கவிதைகள் பெரும்பாலும் ஷட்டர் இறங்குவதிலும், காலி ரோட்டில் நாய் படுப்பதிலும் போய் நிற்கும். எந்தக் கடைக்கும் பொருந்தும் முடிவு அது. நம் இழை நோட்டு என்பதால் முடிவும் நோட்டில்தான் இருக்க வேண்டும். கடை சாத்தும் முன் மாஸ்டர் செய்கிற வேலைகளை வரிசையாகக் குறித்தால் வழி கிடைத்துவிடும். கணக்குப் போடுவார், டீத்தூள் துணிப்பையை அலசிப் பிழிவார், மறுநாள் பாலுக்குச் சொல்லி அனுப்புவார்.

ஒவ்வொரு பக்கமாகக் கூட்டி
அடியில் கோடு போடுகிறார்.
அந்தப் பக்கம் வந்ததும்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
துணிப்பையைப் பிழிந்து உதறுகிறார்.
நாளைக்கு எத்தனை பாக்கெட் என்று
பால் போடும் பையன் கேட்க,
"எப்பவும் போலதான்."

மாஸ்டர் கணக்கைத் தள்ளுபடி செய்யவில்லை, கூட்டவில்லை, அவ்வளவுதான். "கடனை மன்னித்தார்" என்ற சாயல் வந்தால் அவர் வள்ளலாகிவிடுவார், கவிதை நன்னெறிக் கதையாகிவிடும். பால் பாக்கெட்டைக் குறைக்காமல் சொல்வதில் அவர் நாளைக்கும் அந்த ஆள்களை எதிர்பார்க்கிறார் என்பது இருக்கிறது. அதற்குமேல் ஒரு வரி கூடச் சேர்க்காதீர்கள்.

சோதித்துப் பார்க்க மூன்று வழி

ஆறு பகுதிகளையும் தனித்தனித் துண்டுத் தாளில் எழுதி, கலைத்து, கவிதையைப் படிக்காத ஒருவரிடம் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நிழலும் காற்றும் ஒழுங்காக இருந்தால் அவர் சரியாக அடுக்கிவிடுவார். இரண்டு பகுதி இடம் மாறினாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அந்த இரண்டிலும் பொழுது இன்னும் ஏறவில்லை.

அடுத்து, உரக்கப் படியுங்கள். காலைப் பகுதியில் மூச்சு வாங்க நேரமில்லாமல் ஓட வேண்டும், நண்பகல் வரிகளில் ஒரே மூச்சு நீண்டு போக வேண்டும். நண்பகலிலும் நாக்கு அதே வேகத்தில் ஓடினால், வரியை உடைத்த இடங்கள் தவறு. இரண்டு குட்டி வரிகளைச் சேர்த்து ஒன்றாக்கிப் பாருங்கள்.

கடைசியாக, அந்த வேலையில் இருக்கிற ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். "இதுல எது நடக்காது?" என்று கேளுங்கள். தகரத்தை அந்தப் பக்கம் சாத்தினால் பால் சட்டிக்குக் கை போகாது என்றோ, வலை வேலை சாயங்காலம் வரை இழுக்காது என்றோ அவர் சொன்னால், அந்த வரியை அன்றைக்கே திருத்திவிட வேண்டும். தலைப்பைக் கடைசியில் வையுங்கள். "தடைக்காலம்" என்று வைத்தால், மீன் ஏன் இறங்கவில்லை என்பதற்குக் கவிதைக்குள் ஒரு வரி கூடச் செலவிட வேண்டியிருக்காது.